இருட்டில் மீட்டர் ஏன் பூஜ்யம் காட்டியது?

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள் ஒரு மாலை நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். அதில் சூரிய மின்கலம் வரைந்திருந்தாள். மேலே சூரியன், அதிலிருந்து ஓர் அம்புக்குறி, கீழே சிலிக்கான் கட்டி, அம்பு பட்ட இடத்தில் துள்ளி எழும் ஓர் எலக்ட்ரான், அது ஓடிப்போக ஒரு கம்பி. "ஒளி எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது, அது கம்பி வழியாக ஓடுகிறது" என்று அடியில் எழுதியிருந்தாள். நானே பலருக்கு இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். சூரிய மின்கலங்களைச் சோதிப்பதுதான் என் வேலை. வேலை செய்கிறவர்கள்கூட அவசரத்தில் சொல்லிவிட்டுப் போகும் வாக்கியம் அது.

அவள் கேட்க வந்தது அந்தப் படத்தைப் பற்றியல்ல. இரண்டு பக்கம் முன்னால் புரட்டினாள். "சித்தி, பி-வகையும் என்-வகையும் சேரும் சந்தியில் சுமார் 0.7 வோல்ட் மின்னழுத்த அரண் தானாகவே உருவாகிறது என்று இங்கே இருக்கிறது. வெளிச்சம் வேண்டும் என்று எங்குமே சொல்லவில்லை. அப்படியென்றால் இருட்டிலேயே இரண்டு முனையிலும் கம்பியைக் கட்டி விளக்கை எரிக்கலாமே? சூரியன் எதற்கு?"

மேசை இழுப்பறையில் கண்ணாடி மூடாத ஒற்றை மின்கலம் ஒன்று கிடந்தது. எடுத்து ஒரு கறுப்புத் துணிக்குள் வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை முன்பக்கத்து வெள்ளிக் கோட்டிலும் மற்றொன்றைப் பின்பக்கத்து உலோகப் பூச்சிலும் தொட்டேன். 0.000 என்று காட்டியது. துணியை விலக்கி மாலை வெயிலில் காட்டியதும் எண் சட்டென்று ஏறி 0.5-ஐத் தாண்டி நின்றது. மறுபடி மூடினால் மறுபடி பூஜ்யம். "புத்தகம் பொய்யா, மீட்டர் பொய்யா?" என்று கேட்டாள். இரண்டும் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று நான் சொன்ன விளக்கம் அவளுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதன் பிறகு சில நாட்கள் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தேன். சூரிய மின்கலத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

தட்டிவிடுவது மட்டும் போதாது

முதலில் அவள் வரைந்த படத்தை எடுத்துக்கொள்வோம். எந்த மாசும் சேர்க்காத தூய சிலிக்கான் கட்டி. ஒவ்வோர் அணுவும் பக்கத்திலுள்ள நான்கு அணுக்களோடு எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணைப்பில் இருக்கிறது. ஒரு பிணைப்பிலிருந்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்க 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் ஏறக்குறைய 2 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது, நீல ஒளியிடம் அதைவிடக் கூடுதல். ஆகவே கண்ணுக்குத் தெரியும் எந்த நிறமும் இந்த வேலையைச் செய்துவிடும். அலைநீளம் சுமார் 1100 நானோமீட்டரைத் தாண்டிய அகச்சிவப்புக் கதிருக்கு அந்த வலு கிடையாது. அதற்குச் சிலிக்கான் வெறும் கண்ணாடி மாதிரி, ஊடுருவிப் போய்விடும். பிணைப்பை உடைத்தது போக மீதமிருக்கும் ஆற்றலை எலக்ட்ரானால் கையில் வைத்திருக்க முடியாது. ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் படிகத்தை அதிரச் செய்து அதைச் சூடாக இழந்துவிடும்.

எலக்ட்ரான் கிளம்பிய இடத்தில் ஒரு காலி இடம் இருக்கிறது. அதைத் துளை என்கிறோம். பக்கத்துப் பிணைப்பின் எலக்ட்ரான் இங்கே தாவினால் காலி இடம் அங்கே போகும். அதனால் துளையும் நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு துகளைப் போலவே படிகத்துக்குள் உலவுகிறது.

இப்போது என்ன நடக்கும்? எலக்ட்ரான் எந்தத் திசையும் இல்லாமல் அலையும், துளையும் அலையும், எங்கேயாவது ஒன்றையொன்று சந்தித்து ஒன்றாகிவிடும். அத்தோடு கதை முடிந்தது. அந்தக் கட்டி முழுவதிலும் சீராக வெயில் பட்டால், இரண்டு முனைகளுக்கும் இடையே மீட்டர் எதையும் காட்டாது. மின்தடை மட்டும் குறையும். ஏனென்றால் வலப்பக்கம் போக எவ்வளவு காரணம் உண்டோ அவ்வளவு காரணம் இடப்பக்கம் போகவும் உண்டு. ஆக, ஒளி மட்டும் இருந்து சந்தி இல்லாவிட்டாலும் பூஜ்யம், சந்தி இருந்து ஒளி இல்லாவிட்டாலும் பூஜ்யம். இரண்டும் சேரும்போது மட்டும் அரை வோல்ட்டுக்கு மேல். இந்த மூன்றையும் ஒரே நூலில் கோத்தால்தான் விளக்கம் என்று பெயர்.

மலையும் காற்றும்

சந்தி என்பது சிலிக்கானில் மிகச் சிறிய அளவு மாசைச் சேர்த்துச் செய்வது. ஒரு பக்கம் பாஸ்பரஸ். அதனிடம் பிணைப்புக்குத் தேவையானதைவிட ஓர் எலக்ட்ரான் அதிகம் இருப்பதால் அந்தப் பக்கத்தில் விடுபட்ட எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கும், அது என்-வகை. மறுபக்கம் போரான். அதனிடம் ஓர் எலக்ட்ரான் குறைவு, ஆகவே அங்கே துளைகள் நிறைந்திருக்கும், அது பி-வகை. ஐம்பது லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஓர் அந்நிய அணு இருந்தாலே போதும்.

இரண்டும் தொட்டுக்கொண்டதும், நெரிசலான இடத்திலிருந்து காலியான இடத்துக்கு எல்லாமே பரவுவது போல எலக்ட்ரான்கள் பி-வகைப் பக்கத்துக்கும் துளைகள் என்-வகைப் பக்கத்துக்கும் விரவுகின்றன. அவை விட்டுப்போன இடத்தில், நகர முடியாத அயனிகள் தனித்து நிற்கின்றன. என் பக்கத்து விளிம்பில் நேர்மின்னூட்டம், பி பக்கத்து விளிம்பில் எதிர்மின்னூட்டம். இவை உருவாக்கும் மின்புலம், மேலும் வர முயலும் எலக்ட்ரான்களைத் திருப்பித் தள்ளுகிறது. இந்தப் பகுதியின் அகலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அவ்வளவு குறுகிய இடத்துக்குள் 0.7 வோல்ட் ஏறுவதால், அங்கே மின்புலம் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். இத்தனை வலுவான மின்புலம் உள்ளே இருந்தும் மீட்டர் ஏன் அசையவில்லை?

எனக்கு வழி திறந்தது ஒரு மலையை நினைத்தபோதுதான். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தம், ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒரு நீண்ட குழாயை வைத்ததாக நினைத்துக்கொள்வோம். கீழ்முனையில் அழுத்தம் மேல்முனையைப் போல் இரண்டு மடங்கு. அப்படியிருந்தும் குழாய்க்குள் கீழிருந்து மேலே காற்று சீறிப் பாயாது. உள்ளே ஒரு காற்றாடியை வைத்தால் அது சுழலாது. அடர்த்தி வித்தியாசம் காற்றை மேலே தள்ளுகிறது, புவியீர்ப்பு அதே அளவுக்குக் கீழே இழுக்கிறது. இரண்டும் உண்மை, இரண்டும் வலுவானவை, ஆனால் சரிக்குச் சரி. காற்று அப்படியே நிற்கிறது.

சந்தியிலும் அதுதான். எலக்ட்ரான் நெரிசல் என் பக்கத்திலிருந்து பி பக்கத்துக்குத் தள்ளுகிறது, மின்புலம் பி பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு இழுக்கிறது. பி பக்கத்தை ஒரு மேடாகவும் என் பக்கத்தை ஒரு பள்ளமாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் கூட்டம், மேட்டில் சிலர். கூட்டத்திலிருந்து மேடேறி வருகிறவர்களும் மேட்டிலிருந்து சரிந்து விழுகிறவர்களும் ஒரு நொடிக்கு ஒரே எண்ணிக்கை. மீட்டர் மேட்டின் உயரத்தை அளக்கும் கருவி அல்ல. தள்ளலையும் இழுவையையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான் அது காட்டுகிறது. இருட்டில் மிச்சம் இல்லை, ஆகவே 0.000.

பத்தாயிரம் பேரும் ஒரு கோடி கோடிப் பேரும்

இனி ஒளி வருகிறது. அது எங்கே மாற்றத்தை ஏற்படுத்துகிறது என்பதைப் பார்க்க எண்கள் வேண்டும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் ஒரே அளவு மாசு சேர்த்ததாக வைத்துக்கொள்கிறேன். ஒரு கன சென்டிமீட்டரில் என் பக்கத்தில் நூறு கோடி கோடி எலக்ட்ரான்கள், அதாவது 1-க்குப் பின்னால் 16 பூஜ்யங்கள். பி பக்கத்தில் அதே எண்ணிக்கையில் துளைகள். ஆனால் பி பக்கத்திலும் சில எலக்ட்ரான்கள் உண்டு. அறை வெப்பநிலையில், இருட்டில், அவை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் பத்தாயிரம்தான். இவற்றைச் சிறுபான்மை ஊர்திகள் என்று புத்தகம் சொல்கிறது. எல்லோரும் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தச் சொல்லில்தான் சூரிய மின்கலத்தின் ரகசியம் இருக்கிறது.

வெயில் பட்டு, பி பக்கத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கோடி கோடி எலக்ட்ரான்களும் அதே அளவு துளைகளும் கூடுதலாகச் சேர்ந்து நிலைத்து நிற்பதாகக் கொள்வோம். 14 பூஜ்யங்கள். துளைகளைப் பொறுத்தவரை இது நூறில் ஒரு பங்கு கூடுதல், பொருட்படுத்த வேண்டியதே இல்லை. எலக்ட்ரான்களைப் பாருங்கள். பத்தாயிரம் இருந்த இடத்தில் ஒரு கோடி கோடி. ஆயிரம் கோடி மடங்கு! ஒளி பெரும்பான்மையை அசைக்கவே இல்லை. அது தலைகீழாகப் புரட்டியது சிறுபான்மையை.

இந்தப் புதிய எலக்ட்ரான்கள் மேட்டின் மேல் பிறந்தவை. அலைந்து திரியும்போது சந்தியின் ஓரத்துக்கு வந்துவிட்டால் மின்புலம் பிடித்து என் பக்கத்துக்குச் சரித்துவிடும். சூரிய மின்கலத்தின் தடிமன் மிஞ்சிப்போனால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல படிகத்தில் ஓர் எலக்ட்ரான் துளையிடம் சிக்குவதற்கு முன் அதைவிட அதிக தூரம் அலைய முடியும், ஆகவே பெரும்பாலானவை சந்தியை எட்டிவிடுகின்றன. என் பக்கத்தில் போய் விழுந்த எலக்ட்ரானுக்கு அங்கே ஆபத்து குறைவு, அதைப் பிடிக்கத் துளைகள் அரிது.

கம்பி எதுவும் இணைக்காவிட்டால், சரிந்து விழும் எலக்ட்ரான்கள் என் பக்கத்தில் எதிர்மின்னூட்டமாகச் சேர்கின்றன, பி பக்கத்தில் நேர்மின்னூட்டம் சேர்கிறது. இந்தச் சேர்க்கை சந்தியில் இருந்த மின்புலத்துக்கு எதிராக நிற்பதால் மேடு தாழ்கிறது. மேடு தாழத் தாழ, பள்ளத்திலிருந்து திரும்பி ஏறுகிறவர்கள் பெருகுகிறார்கள். எவ்வளவு பெருகுகிறார்கள் என்பதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. அறை வெப்பத்தின் நடுக்கத்தில், மேடு 0.06 வோல்ட் தாழ்ந்தால் ஏறுகிறவர்கள் பத்து மடங்காகிறார்கள். இன்னொரு 0.06 தாழ்ந்தால் இன்னொரு பத்து மடங்கு.

இப்போது போட்டுப் பாருங்கள். இருட்டில் என் பக்கத்து எலக்ட்ரான்களுக்கும் பி பக்கத்து எலக்ட்ரான்களுக்கும் உள்ள விகிதம் 16 பூஜ்யத்துக்கு 4 பூஜ்யம், அதாவது பன்னிரண்டு முறை பத்து மடங்கு. பன்னிரண்டை 0.06-ஆல் பெருக்கினால் 0.72 வோல்ட். அவள் புத்தகத்தில் இருந்த அரண் இதுதான்! வெயிலில் விகிதம் 16 பூஜ்யத்துக்கு 14 பூஜ்யம், இரண்டே முறை பத்து மடங்கு. ஆகவே மேடு 0.12 வோல்ட்டில் போய் நின்றால் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் மறுபடி சமமாகிவிடுவார்கள். 0.72-இலிருந்து 0.12-க்கு, மேடு 0.60 வோல்ட் தாழ்ந்திருக்கிறது. மீட்டர் காட்டுவது அந்த 0.60-ஐத்தான்.

நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டியபோது அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மீட்டர் அரணைக் காட்டவில்லை, வெளிச்சம் அரணை எவ்வளவு தாழ்த்தியது என்பதைக் காட்டுகிறது" என்றாள். பல நாட்களாக நான் தேடிய வாக்கியம் அது.

இயற்கை இந்தச் சந்தியை மனிதருக்கு முதலில் காட்டியதும் ஏறக்குறைய இப்படித்தான். 1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர் விரிசல் விட்ட ஒரு சிலிக்கான் துண்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் பட்டதும் அதில் அரை வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் எழுந்தது. உருகிய சிலிக்கான் உறைந்தபோது மாசுகள் ஒரு பக்கம் ஒரு வகையாகவும் மறுபக்கம் வேறு வகையாகவும் ஒதுங்கி, யாரும் திட்டமிடாமலே நடுவில் ஒரு சந்தி அமைந்திருந்தது. அதே ஆய்வகத்தில் 1954-இல் செய்து காட்டிய சிலிக்கான் மின்கலம் சூரிய ஆற்றலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது.

கையால் மறைத்துப் பார்த்தது

மறுநாள் நடுப்பகலில் சோதித்தோம். ஐந்து சென்டிமீட்டர் நீளம், ஐந்து சென்டிமீட்டர் அகலம் கொண்ட மின்கலம். நேர் வெயிலில் அதன் மேல் விழும் திறன் சுமார் இரண்டரை வாட். மீட்டரை வோல்ட் அளவில் வைத்தால் 0.60. பத்து ஆம்பியர் அளவுக்கு மாற்றி, இரு முனைகளையும் மீட்டர் வழியாகவே இணைத்தால் ஏறக்குறைய 0.9 ஆம்பியர். இரண்டாவது அளவீட்டில் சரிந்து விழும் எலக்ட்ரான் எதுவும் சேர்ந்து நிற்பதில்லை, வெளியே கம்பி வழியாகச் சுற்றிப் போய்ப் பின்பக்கத்தில் ஒரு துளையை நிரப்பிவிடுகிறது. மேடு அநேகமாகத் தாழவே இல்லை, ஆகவே மின்னழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது. எலக்ட்ரான்கள் தீர்ந்துபோவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சுற்றி வருவது அதே எலக்ட்ரான்கள்தான், ஒவ்வொரு சுற்றிலும் ஒளி அவற்றை மறுபடி மேட்டில் ஏற்றிவிடுகிறது.

பிறகு கறுப்பு அட்டையால் மின்கலத்தின் சரிபாதியை மறைக்கச் சொன்னேன். மின்னோட்டம் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, "பாதி" என்றாள். சரியாகப் பாதிதான். மின்னழுத்தம்? அதற்கும் "பாதி" என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு கணக்குப் போட்டாள். ஒளி பத்தில் ஒன்றானாலே 0.06 வோல்ட்தான் குறையும், பாதியானால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மீட்டர் 0.58 காட்டியது. மின்னோட்டம் எத்தனை ஃபோட்டான் வந்தது என்பதை எண்ணிக் காட்டுகிறது, மின்னழுத்தம் அந்த எண்ணிக்கையின் பூஜ்யங்களை மட்டும் எண்ணுகிறது. மேகம் மூடிய நாளில் சோலார் பேனலின் மின்னழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்க, மின்னோட்டம் மட்டும் படுத்துவிடுவது இதனால்தான்.

நமக்குப் பயன்படும் திறன் இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில் கிடைக்கிறது. இந்தச் சிறு மின்கலத்தில் 0.5 வோல்ட்டும் 0.83 ஆம்பியரும் சேர்ந்து 0.4 வாட்டுக்குச் சற்று மேல், விழுந்த ஒளியில் ஆறில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி நாம் ஏற்கெனவே பார்த்த வழிகளில் போனது. சுமார் ஐந்தில் ஒரு பங்கு பிணைப்பை உடைக்க வலுவில்லாத அகச்சிவப்பு, சுமார் மூன்றில் ஒரு பங்கு உடைத்தது போக மிஞ்சிச் சூடானது. ஒரே ஒரு சந்தியை வைத்துக்கொண்டு எவ்வளவு முயன்றாலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் பெற முடியும் என்று ஷாக்லியும் குவைசரும் 1961-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

சோதித்துக்கொண்டிருந்தபோதே 0.60 என்பது மெல்ல 0.57, 0.56 என்று இறங்கியது. வெயில் குறையவில்லை, மின்கலம் சூடாகியிருந்தது. ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.002 வோல்ட் போகும். சூட்டில், ஒளி இல்லாமலே பிணைப்புகள் அதிகமாக உடைகின்றன. இருட்டில் பத்தாயிரமாக இருந்த சிறுபான்மை தானாகவே பல மடங்கு பெருகிவிடுவதால், ஒளி கொண்டுவரும் மடங்கு சுருங்கிப்போகிறது. வெயில் அதிகம் என்றால் மின்சாரம் அதிகம், சூடு அதிகம் என்றால் மின்சாரம் குறைவு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

அவளுடைய கடைசிக் கேள்வி என் வேலைக்கே வந்து சேர்ந்தது. "இருட்டில் வைத்து, வெளியிலிருந்து நாமே மின்சாரம் செலுத்தினால்?" செலுத்தினால் மேடு தாழும், என் பக்கத்து எலக்ட்ரான்கள் ஏறிப் பி பக்கத்துக்கு வரும், துளைகளைச் சந்திக்கும். அந்தச் சந்திப்புகளில் மிகச் சிறிய ஒரு பங்கு ஒளியாக வெளிவரும், 1150 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு. சூரிய மின்கலமே மங்கலாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, அதற்கான கேமராவுக்குத் தெரியும். எலக்ட்ரான்கள் நீண்ட நேரம் பிழைத்திருக்கும் நல்ல படிகம் பளிச்சென்று ஒளிரும். மாசோ குறையோ இருந்து எலக்ட்ரான்கள் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும் இடம் மங்கித் தெரியும். வெயிலில் மின்னழுத்தம் குறைவாகக் கொடுப்பதும் அதே இடம்தான்.

அலுவலகக் கணினியிலிருந்து அப்படி எடுத்த ஒரு படத்தை அவளுக்குக் காட்டினேன். சாம்பல் நிறத்தில் ஒளிரும் ஒரு சதுரம். அதன் ஒரு மூலையிலிருந்து, மரக்கிளை போலப் பிரிந்து, ஒரு கறுப்புக் கோடு ஓடியது. வெறும் கண்ணால் பார்த்தபோது அந்த மின்கலத்தில் எந்தக் குறையும் இல்லை. கோட்டுக்கு அப்பால் இருந்த துண்டு முழுவதும் இருண்டு கிடந்தது. அந்த விரிசல் உலோகக் கோடுகளையும் அறுத்திருந்ததால் மின்சாரம் அங்கே போய்ச் சேரவில்லை. "வெயிலில் வைத்தாலும் அந்தத் துண்டிலிருந்து ஒன்றும் வெளியே வராது, இல்லையா சித்தி?" என்றாள். வராது. அங்கேயும் ஃபோட்டான்கள் விழும், எலக்ட்ரான்கள் மேட்டில் பிறக்கும், மேடு தாழும். வெளியே போக வழியில்லாமல், ஏறியவையும் இறங்கியவையும் அங்கேயே ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டிருக்கும்.